போட்டோவில் இருக்கும் பிரஷர் மெஷினுக்கு எந்தக் கஃப், சுகர் மெஷினுக்கு எந்த ஸ்ட்ரிப்?

சர்ஜிகல் கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு வாட்ஸாப்பில் அதிகம் வருவது மெஷின் போட்டோதான். "அண்ணே, இதுக்கு ஸ்ட்ரிப் இருக்கா?", "இந்த மெஷினுக்குப் பட்டி மட்டும் கிடைக்குமா?" என்று கேட்டு, மெஷினின் முகத்தை மட்டும் எடுத்து அனுப்பியிருப்பார்கள். பெற்றோர் ஊரில், பிள்ளைகள் வெளியூரில் என்று ஆகிவிட்ட வீடுகளில் இது இன்னும் அதிகம். மெஷின் இருப்பது ஓரிடம், வாங்கி அனுப்புகிறவர் இருப்பது வேறிடம். நடுவில் இருப்பது அந்த ஒரு போட்டோ.

முகத்தை வைத்து மெஷினைச் சொல்வது சிரமம். ஒரே கம்பெனி ஒரே அச்சில் ஏழெட்டு மாடல் போடுகிறது. போட்டோவைக் கூகுள் லென்ஸில் போட்டால் அதே சாயலில் இருக்கும் வேறு மெஷினைக் காட்டிவிடும், கீழேயே வாங்குவதற்கான சுட்டியும் இருக்கும். பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் இரண்டு சுகர் மெஷின்களுக்கு ஸ்ட்ரிப் வேறு வேறாக இருப்பது சர்வ சாதாரணம். அதனால் போட்டோவில் நமக்கு வேண்டியது உருவம் இல்லை, எழுத்து.

எந்தெந்தப் போட்டோ கேட்க வேண்டும்

பிரஷர் மெஷின் என்றால் நான்கு போட்டோ கேளுங்கள்.

1. மெஷினைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிள். அங்கே இல்லாவிட்டால் பேட்டரி மூடியைக் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.
2. கையில் சுற்றும் பட்டியை, அதாவது கஃபை விரித்து, அதில் அச்சடித்திருக்கும் எழுத்துகள். அதில் சென்டிமீட்டர் அளவு கட்டாயம் இருக்கும்.
3. டியூபின் முனையில் மெஷினுக்குள் செருகும் பிளக், பக்கவாட்டில் தெரியும்படி.
4. மெஷினை ஆன் செய்து அளக்கும்போது திரையில் வருவது, முக்கியமாக ஏதாவது E என்று வந்தால் அது.

சுகர் மெஷின் என்றால் முன்பக்கம் (பெயர் முழுதாகத் தெரிய வேண்டும்), பின்பக்க லேபிள், பழைய ஸ்ட்ரிப் டப்பா, அப்புறம் ஏதாவது ஒரு அளவு திரையில் இருக்கும்போது ஒரு போட்டோ. காலி டப்பாவைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிற வீட்டுக்காரர்கள் எங்கள் வேலையைப் பாதியாகக் குறைத்துவிடுகிறார்கள்.

எடுக்கும் விதத்திலும் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. லேபிள்கள் பெரும்பாலும் பளபளப்பானவை. பிளாஷ் போட்டால் நடுவில் வெள்ளையாக அடித்து, வேண்டிய எண்ணே மறைந்துவிடும். பிளாஷை அணைத்துவிட்டு ஜன்னலோரம் வைத்து, கொஞ்சம் சாய்வாக எடுக்கச் சொல்லுங்கள். அனுப்பும்போது வாட்ஸாப்பில் HD என்பதைத் தொட்டு அனுப்பலாம், இல்லையென்றால் டாக்குமென்டாக அனுப்பலாம். சாதாரணமாக அனுப்பினால் சின்ன எழுத்துகள் கரைந்துபோய் 6 எது, 8 எது என்று தெரியாது. போட்டோ எடுக்கத் தெரியாத பெரியவர் என்றால் வீடியோ காலில் லேபிளைக் காட்டச் சொல்லி, நீங்கள் இந்தப் பக்கம் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

லேபிளில் நிறையக் குறிகள் இருக்கும். எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை. MODEL அல்லது REF என்று எழுதி அதன் பக்கத்தில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. SN என்பது அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் உரிய எண், அதைக் கடைக்காரரிடம் சொல்லி ஸ்ட்ரிப் கேட்க முடியாது. LOT என்பது எந்தத் தொகுதியில் செய்தது என்பது. மணல் கடிகாரப் படம் போட்டிருந்தால் பக்கத்தில் இருப்பது எக்ஸ்பைரி தேதி. தொழிற்சாலைப் படம் தயாரிப்பாளரையும் தயாரித்த தேதியையும் காட்டும். இந்தக் குறிகள் எல்லாக் கம்பெனிக்கும் பொது என்பதால் ஒருமுறை பழகிவிட்டால் போதும்.

பிரஷர் மெஷின்: ஒரு ஒம்ரான், ஒரு கிழிந்த டியூப்

ஒரு போட்டோவை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்ப்போம். பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி அனுப்பியது. மெஷின் சிவகங்கைப் பக்கம் அவர் அம்மாவிடம் இருக்கிறது. பூப்போட்ட பெட்ஷீட்டில் வெள்ளை நிற மெஷின், ஒம்ரான் என்று மேலே எழுத்து, திரையில் E1. "அம்மாவுக்குக் காத்து ஏற மாட்டேங்குதாம். பழைய மாதிரியே ஒரு கஃப் போதும்ணே."

அடிப்பக்க லேபிளை வாங்கிப் பார்த்தால் HEM-7120 என்று இருந்தது. ஒம்ரானில் HEM என்று ஆரம்பிக்கும் எண்தான் மாடல். அதன் பின்னால் ஒரு கோடு போட்டு ஓரிரண்டு எழுத்து வரும், அது பெரும்பாலும் எந்த நாட்டுச் சந்தைக்கு வந்தது என்பதைக் காட்டுகிறது. பொதுவாக 7 என்று தொடங்குபவை மேற்கையில் கட்டுபவை. 6 என்று தொடங்குபவை மணிக்கட்டில் கட்டுபவை. மணிக்கட்டு மெஷினில் பட்டி உடம்போடு சேர்ந்தே வருவதால் அதற்குத் தனியாகக் கஃப் தேடி அலைய வேண்டாம். ஒம்ரானின் சீரியல் எண்ணில் முதல் நான்கு இலக்கம் தயாரித்த ஆண்டு, அடுத்த இரண்டு மாதம். இந்த மெஷினில் 201906 என்று ஆரம்பித்திருந்தது. அதாவது 2019 ஜூன். பத்து வருஷம் ஓடிய மெஷினாக இருந்தால் கஃபுக்குச் செலவு செய்யாமல் புதிதாகவே வாங்கச் சொல்லியிருப்பேன். இது கஃப் மாற்றி வைத்துக்கொள்ளக்கூடிய வயது.

அடுத்து, பிரச்சினை கஃபில்தானா என்று பார்க்க வேண்டும். ஒம்ரானின் பல மாடல்களில் E1 என்றால் பிளக் சரியாகச் செருகவில்லை, அல்லது காற்று கசிகிறது, அல்லது பட்டியைச் சரியாகச் சுற்றவில்லை என்று பொருள். பிளக்கை நன்றாக அழுத்திச் செருகி, பட்டியைக் கையில் சுற்றிக்கொண்டு மெஷினை ஓடவிட்டு, டியூப் நெடுகக் காதை வைத்துக் கேட்கச் சொன்னேன். பிளக்குக்குப் பக்கத்திலேயே "ஸ்ஸ்" என்ற சத்தம். பிளக் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால், பிளக்கும் டியூபும் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. மெஷினை எடுத்து வைக்கும்போது டியூபை மெஷின் மேலேயே இறுக்கிச் சுற்றி வைக்கிற பழக்கத்தால் வருவது இது. பெரும்பாலான கஃப்கள் அந்த இடத்தில்தான் சாகின்றன.

ஒரு துளிக் கசிவும் இல்லாமல், மோட்டார் சத்தமும் வராமல் இருந்தால் கோளாறு மெஷினில். முதலில் புது பேட்டரி போட்டுப் பாருங்கள். அப்படியும் ஓடவில்லை என்றால் கஃப் வாங்குவது வீண் செலவு.

வெடிப்பு பிளக் ஓரத்தில் மட்டும் இருந்தால் அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. பிளக்கை டியூபிலிருந்து இழுத்துக் கழற்றி, வெடித்த அரை அங்குலத்தை நேராக வெட்டிவிட்டு, பிளக்கை மறுபடி செருகினால் காற்று நிற்கும். கம்பெனிக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். புதுக் கஃப் வரும் வரை நாலு நாள் ஓட்டுவதற்கு இது போதும்.

சரி, இனிதான் முக்கியமான கட்டம். பட்டியில் 22–32 cm என்று அச்சடித்திருந்தது. HEM-7120-இன் பெட்டியில் வழக்கமாக வரும் நடுத்தரக் கஃப் அது, அதன் எண் HEM-CR24. அதையே எடுத்து அனுப்பியிருந்தால் வியாபாரம் முடிந்திருக்கும். ஆனால் கை அளவைக் கேட்காமல் கஃப் கொடுக்கக் கூடாது. அம்மாவிடம் தையல் டேப் இருக்கிறதா என்று கேட்டேன், இருந்தது.

அளப்பது இப்படி: தோள்பட்டையின் மேல் நுனி எலும்பையும் முழங்கை எலும்பையும் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடு இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, அந்த இடத்தில் டேப்பைச் சுற்ற வேண்டும். சதையை அமுக்கக் கூடாது, தொளதொளவென்றும் இருக்கக் கூடாது. ரவிக்கைக் கை, சட்டைக் கை எல்லாவற்றையும் அந்த இடத்துக்கு மேலே ஏற்றி விட்டுவிடுங்கள். அந்த அம்மாவுக்கு 35 சென்டிமீட்டர் வந்தது.

அதாவது இத்தனை வருஷமும் அவர் தனக்குச் சின்னதான கஃபில்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சின்னக் கஃப் கையின் ரத்தக்குழாயை அமுக்க அதிக அழுத்தம் எடுத்துக்கொள்கிறது, அந்த அதிகத்தையே மெஷின் உங்கள் பிரஷராகக் காட்டுகிறது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 195 பேரிடம் இதைச் சோதித்து 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். பெரிய கஃப் தேவைப்படுகிறவருக்கு வழக்கமான கஃப் போட்டபோது மேல் அளவு சராசரியாக 4.8 கூடுதலாகக் காட்டியது. மிகப் பெரிய கஃப் தேவைப்படுகிறவருக்கு 19.5 கூடுதலாகக் காட்டியது. 130 இருக்கிறவருக்கு 150 என்று காட்டினால் மாத்திரையே மாறிப்போகும். எதிர்ப்பக்கமும் உண்டு. சிறிய கஃப் வேண்டியவருக்கு வழக்கமானது போட்டால் சராசரியாக 3.6 குறைத்துக் காட்டியது. மெலிந்த பெரியவர்களுக்கு இதையும் மனதில் வைக்க வேண்டும்.

ஆக, இந்த மெஷினுக்கு வேண்டியது பழைய மாதிரிக் கஃப் இல்லை, அதே வரிசையில் பெரியதான HEM-CL24. அது 32 முதல் 42 சென்டிமீட்டர் வரை. வாங்கும் முன் மெஷினின் கையேட்டில் பின்பக்கம், உபரிச் சாமான்கள் பட்டியலில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னேன். கையேடு தொலைந்திருந்தாலும் மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் கம்பெனித் தளத்தில் கிடைக்கும். கடைக்காரர் சொல்லை விட (நான் சொல்வதையும் சேர்த்துத்தான்) அந்தப் பட்டியல் நம்பகமானது.

தம்பிக்கு இன்னொன்றையும் சொன்னேன். பழைய கஃபைக் குப்பையில் போடும் முன் அதன் முனையில் இருக்கும் பிளக்கைக் கழற்றி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தனியாக விற்கும் சில கஃப்களில் டியூப் மட்டும் இருக்கும், பிளக் இருக்காது. ஒம்ரானின் கையேட்டிலேயே "பிளக்கைத் தூக்கிப் போடாதீர்கள், மாற்றுக் கஃபுக்கு உதவும்" என்று எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை. கஃப் வந்து சேர்ந்து, பிளக் இல்லாமல் மறுபடி போன் பண்ணுகிறவர்கள் உண்டு.

கை அளவு சரியாக எல்லையில், அதாவது 32 என்றே வந்தால் என்ன செய்வது? கஃபைச் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். கஃபின் ஓரத்தில் ஒரு கோடும், உட்புறம் ஒரு வரம்பும் அச்சடித்திருப்பார்கள். சுற்றி ஒட்டிய பிறகு கோடு வரம்புக்குள் நின்றால் பொருந்துகிறது. வரம்பைத் தாண்டி வெளியே நின்றால் கஃப் சின்னது, அதற்கு முன்னாலேயே நின்றால் பெரியது. வீடியோ காலில் அம்மாவைச் சுற்றச் சொல்லி நீங்களே இதைப் பார்த்துவிடலாம். 22 முதல் 42 வரை எல்லாக் கைக்கும் ஆகும் என்று வரும் கஃப்களும் இருக்கின்றன. அவை எல்லா மாடலுக்கும் ஆகாது, உங்கள் மாடலின் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஆன்லைனில் "எல்லா மெஷினுக்கும் பொருந்தும்" என்று குறைந்த விலையில் கஃப் விற்கிறார்கள், நாலைந்து வகை பிளக்கும் கூடவே வரும். பிளக் உள்ளே போகும், காற்றும் ஏறும், திரையில் எண்ணும் வரும். ஆனால் டிஜிட்டல் மெஷின் ஸ்டெதஸ்கோப் மாதிரிச் சத்தத்தைக் கேட்டு அளப்பதில்லை. கஃபுக்குள் இருக்கும் காற்றின் சின்னச் சின்ன அதிர்வுகளைப் படித்து, கம்பெனி எழுதி வைத்த கணக்கின்படி பிரஷரைச் சொல்கிறது. அந்தக் கணக்கு அந்தக் கம்பெனியின் கஃபை வைத்துப் போட்டது. பட்டிக்குள் இருக்கும் ரப்பர் பையின் அளவும் இறுக்கமும் மாறினால் அதிர்வும் மாறும். எவ்வளவு மாறும் என்பதை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். ஒம்ரான் கஃபை வேறு கம்பெனி மெஷினில் செருகுவதும் இதே கதைதான்.

சுகர் மெஷின்: ஒரே ஒரு சொல்லில் வரும் வித்தியாசம்

பிரஷர் மெஷினில் ஒரு கஃப் நாலைந்து மாடலுக்கு ஆகும். சுகர் மெஷினில் அந்தத் தாராளம் கிடையாது. ஸ்ட்ரிப்பில் பூசியிருக்கும் ரசாயனமும், அதைப் படிக்கும் மெஷினும் ஒன்றுக்கொன்று பேசி வைத்துக்கொண்டவை. ஸ்ட்ரிப் டப்பாவில் இருக்கும் பெயர் மெஷினின் பெயரோடு எப்படிப் பொருந்துகிறது என்பதை எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். கம்பெனி பெயர் ஒன்றாக இருப்பது ஒன்றையும் நிரூபிக்காது.

எங்கள் கடையில் அதிகம் குழப்பம் வருவது ஒன்டச் மெஷினில். ஒரு பெரியவருக்கு அவர் பேரன் ஆன்லைனில் ஸ்ட்ரிப் ஆர்டர் போட்டான். தாத்தாவிடம் "என்ன மெஷின்?" என்று கேட்டிருக்கிறான், அவர் "ஒன்டச் செலக்ட்" என்று சொல்லியிருக்கிறார். வந்த டப்பாவில் ஒன்டச் செலக்ட் பிளஸ் என்று இருந்தது. மெஷினின் முகத்தில் இருந்ததோ ஒன்டச் செலக்ட் சிம்பிள். நடுவில் வரும் "பிளஸ்" என்ற ஒரு சொல்தான் வித்தியாசம், அதற்காக டப்பா முழுதும் பயனில்லாமல் போனது. டப்பாவின் சீலைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். செலக்ட், செலக்ட் சிம்பிள் இரண்டுக்கும் "செலக்ட்" ஸ்ட்ரிப். செலக்ட் பிளஸ், செலக்ட் பிளஸ் சிம்பிள், செலக்ட் பிளஸ் ஃப்ளெக்ஸ் மூன்றுக்கும் "செலக்ட் பிளஸ்" ஸ்ட்ரிப். பெயரில் "சிம்பிள்" இரண்டு பக்கமும் வருகிறது என்பதுதான் பொறி. அந்தச் சொல்லை நம்ப வேண்டாம், "பிளஸ்" இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பாருங்கள். போட்டோவில் பெயர் மங்கலாக இருந்தால் இன்னொரு அடையாளம் உண்டு. பிளஸ் வரிசையில் திரைக்குக் கீழே நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று நிறப் பட்டை இருக்கும், அளவு குறைவா சரியா அதிகமா என்று ஒரு அம்பு அதைச் சுட்டும். நிறப் பட்டை தெரிந்தால் அது பிளஸ் பக்கம் என்று எடுத்துக்கொண்டு, பின்பக்க லேபிளை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மற்றக் கம்பெனிகளிலும் இதே மாதிரி ஒரு பொறி இருக்கிறது. கான்டூரில் டிஎஸ், பிளஸ் என்று இரண்டு வரிசை. கான்டூர் டிஎஸ் மெஷினுக்கு டிஎஸ் ஸ்ட்ரிப், கான்டூர் பிளஸ், பிளஸ் ஒன் இரண்டுக்கும் பிளஸ் ஸ்ட்ரிப். அக்கு-செக்கில் ஆக்டிவ், பெர்ஃபார்மா, இன்ஸ்டன்ட், கைடு என்று நான்கு பெயர், நாலுக்கும் நாலு ஸ்ட்ரிப். இன்ஸ்டன்ட் எஸ் என்ற மெஷினுக்கு மட்டும் இன்ஸ்டன்ட் ஸ்ட்ரிப்பே போதும். டாக்டர் மோர்பென்னின் குளுகோ ஒன் மெஷினில் BG-03 என்ற எண் இருக்கும், ஸ்ட்ரிப் டப்பாவிலும் அதே எண் வேண்டும்.

மெஷின் கிடைக்காமல், ஒரே ஒரு ஸ்ட்ரிப்பின் போட்டோ மட்டும் வந்தாலும் அக்கு-செக் ஆக்டிவை அடையாளம் கண்டுவிடலாம். அதன் ஸ்ட்ரிப் மற்றவற்றைவிட அகலம், நடுவில் ரத்தம் விடுவதற்கு ஒரு சதுரம், பின்பக்கம் ஒரு வட்டச் சாளரம். ரத்தம் பட்டதும் நிறம் மாறும், அந்த நிறத்தை மெஷின் ஒளியால் படிக்கும். டப்பாவின் பக்கத்தில் நிறப் பொட்டுகள் வரிசையாக அச்சடித்திருப்பார்கள், வட்டச் சாளரத்தின் நிறத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வதற்காக. இன்ஸ்டன்ட்டும் பெர்ஃபார்மாவும் மின்சாரத்தால் அளப்பவை. அவற்றில் ரத்தம் ஸ்ட்ரிப்பின் ஓரத்திலிருந்து தானாக உறிஞ்சப்படும், முனையில் மெல்லிய உலோகக் கோடுகள் தெரியும்.

உலோகக் கோடுள்ள ஸ்ட்ரிப்கள் பல கம்பெனிகளுடையதும் கிட்டத்தட்ட ஒரே அகலம். அதனால் தவறான ஸ்ட்ரிப்பும் துளைக்குள் போய்விடலாம். "உள்ளே போகுதே" என்பது அத்தாட்சி ஆகாது. போனபிறகு மெஷின் விழிக்காமல் இருந்தாலோ, பிழை காட்டினாலோ நல்ல காலம். ஏதாவது ஒரு எண்ணைக் காட்டிவிட்டால்தான் ஆபத்து, அதை நம்பி இன்சுலின் அளவை மாற்றிவிடுவார்கள்.

சில பழைய மெஷின்களுக்கு ஸ்ட்ரிப் டப்பாவோடு ஒரு சின்ன சிப் வரும். டப்பா மாறும்போது அந்தச் சிப்பையும் மாற்ற வேண்டும், ஆன் செய்ததும் திரையில் வரும் எண்ணும் டப்பாவில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். போட்டோவில் மெஷினின் பக்கவாட்டில் சின்னச் செருகல் தெரிந்தால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது வருபவற்றில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

கம்பெனிப் பெயர் மாறியிருப்பதும் சிலரைக் கலங்கடிக்கிறது. பழைய கான்டூர் மெஷினில் பேயர் என்று இருக்கும், இன்றைய டப்பாவில் அசென்சியா என்று இருக்கும். பேயர் தன் சர்க்கரை நோய்ப் பிரிவை 2016-இல் விற்றுவிட்டதால் வந்த மாற்றம். பழைய ஒன்டச்சில் ஜான்சன் அண்ட் ஜான்சன் பெயர் இருக்கும், லைஃப்ஸ்கேன் 2018-இல் அந்தக் கம்பெனியிலிருந்து பிரிந்துவிட்டது. கம்பெனி மாறியதால் ஸ்ட்ரிப் மாறவில்லை. மெஷின் பெயரும் ஸ்ட்ரிப் பெயரும் பொருந்தினால் தாராளமாக வாங்கலாம்.

திரையில் புள்ளி இருக்கிறதா?

அளவு தெரியும் போட்டோவைக் கேட்டதற்குக் காரணம் இது. சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மகன் வாங்கி வந்த மெஷினாக இருந்தால் திரையில் 7.8 என்று வரும், பக்கத்தில் mmol/L என்று சின்னதாக எழுதியிருக்கும். நம் ஊர் மெஷின் 140 என்று காட்டி mg/dL என்று போடும். இரண்டும் ஒரே அளவுதான், முதலாவதை 18-ஆல் பெருக்கினால் இரண்டாவது வந்துவிடும்.

பல மெஷின்களில் இந்த அலகைத் தொழிற்சாலையிலேயே பூட்டிவிடுகிறார்கள், வீட்டில் மாற்ற முடியாது. ஸ்ட்ரிப் மாற்றினாலும் அலகு மாறாது. அந்த மெஷினுக்கு இங்கே ஸ்ட்ரிப் தேடுவதும் பல நேரம் சிரமம், அங்கே இருக்கும் மாடல் இங்கே விற்பனைக்கே வந்திருக்காது. இப்படிப்பட்ட மெஷினுக்கு நான் ஸ்ட்ரிப் தேடித் தருவதில்லை. இங்கே எல்லா மெடிக்கலிலும் ஸ்ட்ரிப் கிடைக்கிற ஒரு மெஷினை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன். சுகர் பார்ப்பதில் செலவு மெஷினில் இல்லை, ஸ்ட்ரிப்பில்தான். ஸ்ட்ரிப் டப்பாவோடு மெஷினையே இலவசமாகத் தருகிற நேரமும் உண்டு. வயதானவர் 7.8-ஐப் பார்த்துச் சுகர் இறங்கிவிட்டது என்று பயந்து சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்தை நினைத்தாலே புது மெஷின் வாங்குவது லாபம்.

டப்பா வந்த பிறகு

முதல் தடவை நூறு ஸ்ட்ரிப் உள்ள டப்பாவை வாங்காதீர்கள். கிடைப்பதில் சின்ன டப்பாவாக வாங்கி, மெஷினில் ஒன்றைச் செருகிப் பார்த்து, மெஷின் விழித்து ரத்தத் துளிப் படம் காட்டினால் மேலே வாங்கலாம். சீலை உடைக்கும் முன் டப்பாவின் பெயரையும் மணல் கடிகாரத் தேதியையும் ஒரு போட்டோ எடுத்து மெஷின் போட்டோவோடு ஒப்பிடுங்கள், அப்போதுதான் திருப்பிக் கொடுக்க வழி இருக்கும்.

திறந்த பிறகு எத்தனை நாள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சிலவற்றில் அச்சடித்த எக்ஸ்பைரி வரை போகலாம், சிலவற்றில் திறந்த சில மாதங்களுக்குள் முடித்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் தாளில் அது இருக்கும். திறந்த தேதியை டப்பாவிலேயே பேனாவால் எழுதுங்கள். புது ஸ்ட்ரிப்பைப் பழைய டப்பாவில் கொட்டிச் சேர்க்கக் கூடாது, எது எந்த எக்ஸ்பைரி என்று தெரியாமல் போய்விடும். மூடியின் உள்ளே ஈரத்தை உறிஞ்சும் பொருள் இருக்கிறது, மூடியைத் திறந்தே வைத்தால் அதற்கு வேலையே இல்லை. கோடையில் டிவி மேலேயும் ஜன்னல் திட்டிலும் வைக்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை குறையும்.

கடைசியாக ஒரு ஒப்பீடு. லேபில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கும் நாளில் மெஷினையும் எடுத்துப் போய், ஊசி குத்தி எடுத்த சில நிமிடத்துக்குள் விரலில் பாருங்கள். சாப்பிட்ட பிறகு ஒப்பிட்டால் விரல் ரத்தத்துக்கும் நரம்பு ரத்தத்துக்கும் இயல்பாகவே வித்தியாசம் வரும். வீட்டு மெஷின்களுக்கான சர்வதேசத் தரத்தின்படி அளவு 100-க்கு மேல் இருந்தால் 15 சதவீதம் வரை, 100-க்குக் கீழே இருந்தால் 15 புள்ளி வரை விலகல் ஏற்கத்தக்கது. லேபில் 140 என்றால் மெஷினில் 119 முதல் 161 வரை எது வந்தாலும் மெஷினும் ஸ்ட்ரிப்பும் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. அதற்கு வெளியே போனால் உடனே மெஷினைக் குறை சொல்லாமல், கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு இன்னொரு விரலில் பாருங்கள். மாம்பழம் நறுக்கிய விரலைக் கழுவாமல் குத்தினால் அளவு மிக அதிகமாகக் காட்டலாம். மறுபடியும் விலகினால் வேறு டப்பா ஸ்ட்ரிப்பில் ஒருமுறை, அப்போதும் சரிப்படாவிட்டால் மெஷினை மாற்றிவிடுங்கள்.